ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையின் கதை

2011 ஆகஸ்ட் 12 அன்று மத்திய உள்துறையிலிருந்து ஓர் ஆணை புறப்பட்டது. கல்வி நிறுவனம் ஒன்றை நடத்திவந்த ஒருவரின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க சிபிஐக்கு அனுமதி தரும் ஆணை அது. வரி விவகாரத்தில் சலுகை பெற வருமான வரித்துறை அதிகாரி ஒருவருக்கு ரூ.50 லட்சம் லஞ்சம் கைமாறப்போகிறது என்பது சிபிஐயின் சந்தேகம். அந்த மாதம் முடிவதற்குள் வழக்கும் பதிவானது. ஆனால் அந்த ஆணை செல்லுமா என்ற கேள்விக்கு 2025 ஜூலை 2 அன்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் விடை சொன்னது.

ஆணைக்கு உயிர் கொடுத்தது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பிரிவு 5(2). அந்தப் பிரிவுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பொது அவசரநிலை இருக்க வேண்டும், அல்லது பொதுமக்களின் பாதுகாப்புக்கு அது தேவைப்பட வேண்டும். இது முதல் வாசல். நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுப்பது போன்ற காரணங்கள் இரண்டாவது வாசல். முதல் வாசல் திறக்காமல் இரண்டாவதற்குப் போகவே முடியாது. 1996-ல் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பொது அவசரநிலையும் பொதுப் பாதுகாப்புக்கு வரும் ஆபத்தும் ரகசியமாக இருக்க முடியாது, சாதாரண மனிதருக்கும் கண்கூடாகத் தெரிய வேண்டும் என்றது.

ஆணை பிறந்த பிறகு போக வேண்டிய பாதையையும் அதே தீர்ப்பு வகுத்தது. 2007-ல் அது 419-ஏ என்ற விதியானது. மத்திய அரசில் உள்துறைச் செயலர் ஆணையிட வேண்டும். காரணத்தை எழுத வேண்டும். ஏழு வேலை நாட்களுக்குள் நகல், அமைச்சரவைச் செயலர் தலைமையிலான மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, ஆணை சட்டப்படி சரியா என்று பார்க்க வேண்டும். ஆணைக்கு 60 நாள் ஆயுள். எத்தனை முறை நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது.

நம் ஆணை வாசலிலும் பாதையிலும் இடறியது. 2018-ல் சம்பந்தப்பட்டவர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டு, ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்க உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனிநபர் சுதந்திரத்துக்குள் அடங்கியது என்று ஒருமனதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும்; நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும்; எடுத்த நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் பார்த்தது வாசலை. லஞ்சம் கடும் குற்றம்தான். ஆனால் இருவருக்கிடையே ரகசியமாக நடப்பதாகச் சொல்லப்படும் பேரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பொது ஆபத்து எங்கே? குற்றம் துப்பறிய ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தை இந்தப் பிரிவு தரவில்லை என்றார். அடுத்து பாதையைப் பார்த்தார். ஒட்டுக்கேட்டுச் சேகரித்தவை மறுஆய்வுக் குழுவின் முன் உரிய காலத்தில் வைக்கப்படவில்லை. ஆணை ரத்தானது. பதிவான உரையாடல்களை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும், அவற்றைச் சாராமல் கிடைத்த ஆதாரங்களை விசாரணை நீதிமன்றம் தனியே எடைபோடலாம் என்றும் தீர்ப்பானது.

உரையாடல்களை ஒதுக்கிய இந்த முடிவு சர்ச்சைக்குரியது. முறைகேடாகக் கிடைத்த ஆதாரமும் வழக்குக்குப் பொருத்தமானால் ஏற்கலாம் என்று 1972-ல் மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையாகத் திட்டவட்டமாக அறிவிக்கப்படாத காலம் அது. உரிமை உறுதியான பிறகு, அதை மீறிப் பெற்றதை அதே தராசில் நிறுக்க முடியாது என்பது சென்னையின் நிலைப்பாடு. முதல் வாசல் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. டெல்லி உயர் நீதிமன்றம் சென்னைத் தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன்புதான் வேறொரு ஊழல் வழக்கில், பெருந்தொகை ஊழல் பொதுப் பாதுகாப்பையே பாதிக்கும் என்று எதிர்த்திசையில் தீர்ப்பளித்திருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சென்னைத் தீர்ப்பே சட்டத்தின் சொல்லுக்கு நெருக்கமானது. தொகை பெரிதாக இருந்தால் வாசல் திறக்கும் என்றால், எவ்வளவு பெரிது என்பதை ஆணையிடும் அதிகாரியே முடிவுசெய்வார்; வாசல் இருந்தும் இல்லாததாகிவிடும். ஊழலைத் துப்பறிய ஒட்டுக்கேட்பு வேண்டுமென்றால் அதை நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதட்டும். 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் பழைய முதல் வாசலைத்தான் வைத்திருக்கிறது. ஆணையிடுபவரும் அதை மறுஆய்வு செய்பவர்களும் அரசின் செயலர்கள்தான். எந்த நீதிபதியும் அதை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அறிவிப்பும் கிடையாது. வழக்கு வந்தால்தான் அவருக்கு விஷயமே தெரியும். வழக்கே வராத ஆணைகளை எந்த நீதிமன்றமும் சோதிப்பதில்லை.