வெளிநாட்டில் முதல் குளிர்காலம்: தோல் அரிப்புக்குக் காரணம் வறட்சியா, குளிர் தடிப்பா?

செப்டம்பரில் தொடங்கும் கல்விப் பருவத்துக்காகக் கனடா செல்லும் இந்திய மாணவர்கள் பலருக்கு, நவம்பர் பிறந்ததும் தோல் அரிக்கத் தொடங்குகிறது. இதைக் 'குளிர் ஒவ்வாமை' என்று தாமே முடிவு செய்து, ஊரிலிருந்து கொண்டு சென்ற ஒவ்வாமை மாத்திரையை விழுங்குவோர் உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. முதலாவது தோல் வறட்சி. ஏறத்தாழ எல்லோருக்கும் வரக்கூடிய இதற்கு மாத்திரையால் பெரிய பயன் இல்லை. இரண்டாவது, 'கோல்ட் அர்டிகேரியா' என மருத்துவர்கள் குறிப்பிடும் குளிர் தடிப்பு. இது அரிதானது, மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவது. ஆயினும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது இதுதான்.

வீட்டுக்குள்ளேதான் வறட்சி

வறட்சிக்கு வெளியே வீசும் பனிக்காற்றைக் குறை கூறுவது வழக்கம். பெரும்பங்கு உண்மையில் சூடேற்றப்பட்ட அறையைச் சாரும். 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட கடலோர ஊரில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 20 டிகிரிக் காற்றால் ஏறத்தாழ 1 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். அந்தக் காற்று வீட்டுக்குள் புகுந்து 22 டிகிரிக்குச் சூடாக்கப்படும்போது நீராவி கூடுவதில்லை. ஒப்பு ஈரப்பதம் 5 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. சமையலும் குளியலும் அதைச் சற்று உயர்த்தினாலும், தோலின் மேலடுக்கிலிருந்து நீர் இடைவிடாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

கொச்சியிலிருந்து வின்னிபெக் நகருக்குச் செல்லும் ஒரு மாணவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே செல்வது சாதாரணம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அவர் நாளுக்கு இரு முறை, 20 நிமிடம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நிற்கிறார். ஊர் வழக்கப்படி உடல் முழுவதும் சோப்புத் தேய்க்கிறார். எண்ணெயையோ குளிக்கும் முன்பே பூசிக் கழுவிவிடுகிறார். சில வாரங்களில் கணுக்கால் முன்பகுதி சாம்பல் பூத்தது போல் வெளுக்கிறது. பின்னர் வறண்ட குளத்து மண்போல் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இரவில் போர்வைக்குள் சூடேறியதும் அரிப்பு கூடுகிறது.

இவருக்குத் தேவை மாத்திரை அன்று, வரிசை மாற்றம். குளியல் ஒரு வேளை, வெதுவெதுப்பான நீரில், 5 முதல் 10 நிமிடம் போதும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும். அதுவும் நறுமணம் சேர்க்காததாக இருக்க வேண்டும். துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் எஞ்சியிருக்கும்போதே, சில நிமிடங்களுக்குள் களிம்பு பூச வேண்டும். அந்த ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதே களிம்பின் வேலை என்பதால், குளிக்கும் முன் பூசிக் கழுவிய எண்ணெயிடம் அதை எதிர்பார்க்க இயலாது. தேங்காய் எண்ணெய்தான் பழக்கம் என்றால், அதைக் குளித்த பின் பூசலாம்.

எதைப் பூசுவது என்பதும் முக்கியம். குப்பியிலிருந்து எளிதில் வழியும் லோஷனில் நீரே மிகுதி. அது ஊர் வெயிலுக்குப் பொருந்தும். கெட்டியான கிரீம் அதைவிடச் சிறந்தது. பெட்ரோலியம் ஜெல்லி போன்ற பிசுக்குள்ள களிம்பு எல்லாவற்றையும் விட நீரை நன்கு தடுக்கிறது. பகலில் கிரீம், இரவில் கை, கால்களுக்கு ஜெல்லி, அதன் மேல் பருத்திக் காலுறை என்ற அடுக்கு முறை பலருக்கு ஒத்துவருகிறது. உடல் முழுவதும் ஒரு முறை பூச ஏறத்தாழ 30 கிராம் தேவைப்படும். விமானப் பயணத்தில் கொண்டு செல்லும் சிறு டியூப் ஓரிரு நாள்களில் தீர்ந்துவிடும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நல்லது. யூரியா கலந்த கிரீம் செதில்களை நன்கு மென்மையாக்கும். ஆனால் வெடித்த தோலில் எரியும்.

கம்பளி ஆடையைத் தோலின் மேல் நேரடியாக அணிவதும் அரிப்பைத் தூண்டும். உள்ளே மென்மையான மெல்லிய ஆடை, நடுவே கம்பளி, வெளியே காற்றுப் புகாத மேலாடை என்பதே முறை. உள்ளாடை வியர்வையில் நனைந்தால் மாற்றிவிட வேண்டும்.

நிமிடங்களில் எழும் தடிப்பு

இதே மாணவர் ஒரு நாள் கையுறையின்றிப் பேருந்துக்குக் காத்திருக்கிறார் என்க. புறங்கையிலும் கன்னத்திலும் கொசு கடித்தது போன்ற புடைப்புகள் எழுகின்றன. பேருந்தின் சூட்டில் ஏறியதும் அவை பெரிதாகி அரிக்கின்றன. ஒரு மணி நேரத்தில் சுவடின்றி மறைகின்றன. வறட்சி இப்படி வந்து போவதில்லை. குளிர் பட்ட இடத்தில், நிமிடங்களில் எழுந்து, பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அடங்குவதே குளிர் தடிப்பின் அடையாளம். தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் குளிரால் தூண்டப்பட்டு ஹிஸ்டமின் வேதிப்பொருளை வெளியிடுவதால் இது நேர்கிறது.

மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், கண்ணைவிட விரலை நம்ப வேண்டும். தடவினால் மேடு தட்டுப்படும். மருத்துவரைக் காணச் செல்லும் நேரத்தில் தடிப்பு மறைந்திருக்கும். எனவே எழுந்தவுடன் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நோயறிதலுக்குப் பெரிதும் உதவும். ஊரிலேயே மழையில் இருசக்கர வாகனம் ஓட்டியபோதோ குளிர்சாதன அறையிலோ இவ்வாறு தடித்ததுண்டா என்பதையும் சொல்ல வேண்டும்.

மெல்லிய நெகிழிப் பையிலிட்ட பனிக்கட்டியை முன்கையில் 5 நிமிடம் வைத்து எடுத்து, 10 நிமிடம் கழித்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. அந்த இடத்தில் புடைப்பு எழுந்தால் நோய் உறுதி. எழாவிட்டாலும் நோய் இல்லை என்று உடனே முடிவு செய்ய இயலாது. கடுமையான எதிர்வினை வர வாய்ப்புள்ளதால் இதை மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும்.

செட்டிரிசின், லோரடடின், பெக்சோபெனாடின் போன்ற, தூக்கம் குறைவாக வரவழைக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளே முதல் சிகிச்சை. வழக்கமான அளவு போதாவிடில், மருத்துவர்கள் அதை நான்கு மடங்கு வரை உயர்த்துவதுண்டு. தானே உயர்த்துவது கூடாது.

பனிப்பொழிவைவிடக் குளிர்ந்த நீரே இந்நோயாளிகளுக்குப் பேராபத்து. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிரும்போது ஹிஸ்டமின் பெருமளவில் வெளியாகி, இரத்த அழுத்தம் சரிந்து, நீருக்குள்ளேயே நினைவிழக்க நேரலாம். எனவே கோடையில் ஏரிக்குச் செல்லும்போதும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பனிக்கட்டியிட்ட பானத்தால் உதடோ தொண்டையோ வீங்குவோர் அதைத் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் நோயைக் கூறுவதும் அவசியம். மூச்சுத் திணறல், குரல் மாற்றம், தலைசுற்றல் தோன்றினால் மாத்திரைக்காகக் காத்திராமல் கனடாவின் அவசர எண் 911-ஐ அழைக்க வேண்டும். முன்பு இவ்வாறு நேர்ந்தவர்களுக்கு அட்ரினலின் ஊசியை உடன் வைத்திருக்குமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஒரே அறையில் பலர் தங்கிப் படுக்கையைப் பகிரும் மாணவர் வீடுகளில், இரவில் மிகும் அரிப்பு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொடங்கி, உடன் தங்கியவருக்கும் வந்தால், அது குளிரால் வந்ததன்று. சொறி சிரங்காக இருக்கலாம். களிம்பு எத்தனை பூசினாலும் அது தீராது; அறையிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை.