தீபாவளிக் கூட்டம் கடந்து போகும் இரண்டு விநாடி: துணிக்கடைக் கண்ணாடியை அமைப்பது எப்படி?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதைகளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் அந்தக் கூட்டம் எல்லாக் கடைகளுக்குள்ளும் நுழைவதில்லை. இயல்பாக நடக்கும் ஒருவர் விநாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் செல்வார். கடைமுகப்பில் உள்ள கண்ணாடியின் அகலம் 2.4 மீட்டர் என்றால், அதைக் கடக்க அவருக்கு இரண்டு விநாடி போதும். வாடகையும் சரக்கும் கைமுதலைக் கரைக்கும் மாதத்தில், அவர் நிற்பாரா போய்விடுவாரா என்பது அந்த இரண்டு விநாடிக்குள் முடிவாகிவிடுகிறது.

ஐந்தடி நடைபாதை 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸின் நகரத் திட்டத்தில் வந்த விதி. கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட தொடர் வழி இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். வெயிலுக்கும் மழைக்கும் அது நல்ல ஏற்பாடுதான். கடைக் கண்ணாடிக்கு மட்டும் அது இரண்டு தொல்லைகளைத் தருகிறது. ஒன்று, பார்ப்பவரால் பின்னால் தள்ளி நின்று முழுக் காட்சியையும் பார்க்கமுடியாது. மற்றொன்று, அவர் கண்ணாடிக்கு இணையாக நடந்து வருவதால் முதலில் அதைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறார். தெருவை நேராகப் பார்த்தபடி நிறுத்திய பொம்மையின் காதும் தோளும்தான் அவர் கண்ணில் படும். அது என்ன புடவை என்று தெரிவதற்குள் கடையைத் தாண்டிவிடுவார்.

ஆகவே துணியில் கைவைக்கும் முன், மாலை வேளையில் அரைமணி நேரம் வாசலில் நின்று எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் எம்ஆர்டி நிலையமோ பேருந்து நிறுத்தமோ உள்ள பக்கமாக அது இருக்கும். முக்கியமான பொம்மையை அந்தப் பக்கம் நோக்கிப் பாதி திருப்பி வைக்கவேண்டும். செலவில்லாத மாற்றம் இது. பலர் செய்யாத மாற்றமும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டாக, 2.4 மீட்டர் அகலமும் 90 செ.மீ. ஆழமும் 2.8 மீட்டர் உயரமும் உள்ள ஒரு புடவைக் கடையின் முகப்பை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான தீபாவளி அலங்காரத்தில் அங்கே ஆறு பொம்மைகள், ஆறு நிறப் புடவைகள், மேலே மின்னும் சரவிளக்கு, கண்ணாடியில் ஒட்டிய தள்ளுபடித் தாள்கள் இருக்கும். எல்லாம் தெரியட்டும் என்ற ஆசை கடைக்காரருக்கு இருப்பது இயல்புதான். ஆனால் கண் எங்கும் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

முதலில் ஒரு கருப்பொருள் வேண்டும். ‘தீபாவளி’ என்பது கருப்பொருள் ஆகாது. தெரு முழுக்க அதுதான் இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய ஒரு காட்சியாக அது இருக்கவேண்டும். ‘தலைத் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும்’ என்று எடுத்துக்கொண்டால், எதை வைப்பது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகும். அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரப் பட்டு உடுத்திய ஒரு பெண் பொம்மை, சற்றுப் பின்னால் வேட்டி சட்டையில் ஓர் ஆண் பொம்மை, கீழே மனைப்பலகை, எண்ணெய்க் கிண்ணம், குங்குமச் சிமிழ், புதுத்துணி வைத்த பித்தளைத் தாம்பாளம். அவ்வளவுதான். மற்ற ஐந்து புடவைகளும் உள்ளே போகவேண்டும். குத்துவிளக்கு வைத்தால் அதில் எல்இடி திரிதான் இருக்கவேண்டும். பட்டுக்கு அருகில் உண்மைச் சுடர் கூடவே கூடாது.

கண் நிற்கவேண்டிய இடம் பெண் பொம்மையின் தோளிலிருந்து இடுப்புவரை விழும் முந்தானை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் பெரும்பாலோரின் கண்மட்டத்துக்கு அருகில் வரும். முந்தானையின் மேல்பகுதி அந்த உயரத்தில் அமையும்படி 20 செ.மீ. மேடை போட்டுப் பொம்மையை நிறுத்தலாம். அதை நட்ட நடுவில் வைக்காமல், கூட்டம் வரும் பக்கத்துக்கு எதிர்க்கோடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால், நடந்து வருபவரின் பார்வை அதன்மேல் சற்றுக் கூடுதலாகத் தங்கும். அதற்கு முன்னால் உள்ள இடத்தைக் காலியாகவே விடவேண்டும். காலி இடத்தை வீண் என்று நினைத்து இன்னொரு பொம்மையை நிறுத்தினால், முந்தானை அதன் பின்னால் மறைந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் பணமும் விரயமாகிறது, புடவையின் நிறமும் கெடுகிறது. சாதாரணக் கண்ணாடியை நேராகப் பார்க்கும்போது, அதன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 விழுக்காடு திரும்பி வருகிறது. சாய்வாகப் பார்க்கப் பார்க்க அந்த அளவு கூடிக்கொண்டே போகும். பகலில் சாலை வெளிச்சமாகவும் உள்ளே இருட்டாகவும் இருந்தால், நடப்பவர் தம் முகத்தையும் எதிரே நிற்கும் லாரியையும்தான் பார்ப்பார். கறுப்பு அல்லது கருநீலப் பின்திரை இதை இன்னும் மோசமாக்கும். சந்தன நிறமோ இளம் பழுப்போ உள்ள பின்திரை போட்டு, பகலிலும் விளக்குகளை எரியவிட்டால் பிம்பம் பெருமளவு மங்கும். மின்கட்டணத்துக்குப் பயந்து பகலில் அணைப்பவர்கள் உண்டு. எல்இடி விளக்குகள் நான்குக்கு ஆகும் மின்சாரம் அதிகமில்லை.

ஸ்பாட்லைட்டுகளைக் கண்ணாடியை ஒட்டி உள்பக்க மேல்விளிம்பில் பொருத்தி, பின்னோக்கிச் சாய்க்கவேண்டும். நேர் தலைக்கு மேலே வைத்தால் பொம்மையின் முகமும் கழுத்தும் நிழலில் மூழ்கும். பொம்மை கண்ணாடியிலிருந்து 60 செ.மீ. உள்ளே நின்றால், செங்குத்திலிருந்து 25 பாகை அளவு சாய்வு சரியாக வரும். 24 பாகைக் கற்றை கொண்ட விளக்கு அந்தத் தொலைவில் சுமார் 60 செ.மீ. வட்டமாக விழும், முந்தானைக்கு அது போதும். இடமும் வலமும் ஒவ்வொன்று வைத்தால் நிழல் மென்மையாகும். மற்ற பகுதிகளுக்கு அகலக் கற்றை விளக்கு ஒன்றிரண்டு போதும். முந்தானையின் மேல் விழும் ஒளி சுற்றுப்புறத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கவேண்டும். எல்லா இடத்திலும் ஒரே வெளிச்சம் என்றால், விளக்கு எத்தனை போட்டாலும் காட்சி தட்டையாகத்தான் தெரியும். குழல்விளக்கின் பரந்த ஒளியில் சரிகை வெறும் மஞ்சள் நூலாகத் தெரியும். சிறு புள்ளியிலிருந்து வரும் ஒளியில்தான் அது மின்னும்.

விளக்கு வாங்கும்போது 3000 கெல்வின் என்பதோடு நிறத் திறன் அளவையும் பார்க்கவேண்டும். சிஆர்ஐ 80 என்று அச்சிட்ட மலிவு எல்இடி பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு சரியாக வெளிப்படாது. அரக்குப் பட்டு பழுப்படித்துத் தெரியும். வாடிக்கையாளர் வாசலுக்கு வெளியே எடுத்துப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியவரும். 90க்கு மேற்பட்டதை, அதிலும் சிவப்புக்கான ஆர்9 அளவு 50க்குக் குறையாததை வாங்குவது நல்லது. சரவிளக்கு மின்னவேண்டிய அவசியமே இல்லை. வெளியே தெரு முழுக்க வண்ண விளக்குகள் மின்னும்போது, அசையாத இதமான ஒளிதான் தனித்துத் தெரியும்.

முடித்தபின் பகல் ஒரு மணிக்கு ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும், இரு திசையிலிருந்தும் வாடிக்கையாளரைப்போல் நடந்து பார்க்கவேண்டும். பத்தடி தூரத்திலேயே முந்தானை கண்ணில் படுகிறதா? விளக்கு முகத்தில் அடிக்கிறதா? அடித்தால் மேல்விளிம்பில் ஒரு குறுகிய மறைப்புப் பலகை போதும். தள்ளுபடித் தாளை ஒட்டியே ஆகவேண்டும் என்றால் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒட்டலாம்.

வெயிலிலும் விளக்கிலும் பட்டு வெளுக்கும். மடிப்புக்குள் இருக்கும் நிறத்தையும் வெளிப்புற நிறத்தையும் ஒப்பிட்டால் தெரியும். பத்து நாளைக்கு ஒருமுறை புடவையை மாற்றிவிடுவது பாதுகாப்பு. ‘கண்ணாடியில் இருக்கிறதே, அதையே காட்டுங்கள், அண்ணே’ என்று கேட்டு வருபவருக்காக அதே நிறத்தில் இன்னொன்றையாவது வாசலுக்கு அருகில் உள்ள அலமாரியில் வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தின் நடுவே பொம்மையின் புடவையை அவிழ்க்க நேரும்.