சமையல் குறிப்பு அட்டை

குடும்பச் சமையல் நூலில் ஒரு பதார்த்தத்தின் பொருள்கள், செய்முறை, படம் மூன்றையும் ஒரே பக்கத்தில் அடக்கும் அமைப்பு சமையல் குறிப்பு அட்டை எனப்படும். பொருள்களைச் செய்முறைக்கு முன்பே பட்டியலிடுவது எல்லாக் காலத்திலும் இருந்த வழக்கமல்ல. இங்கிலாந்தில் 1845இல் வெளிவந்த எலைசா ஆக்டனின் நூலில் அளவுகள் குறிப்பின் கடைசியில் நின்றன. 1861இல் வந்த இசபெல்லா பீட்டனின் நூலில் அவை மேலே ஏறின.

தமிழ்ச் சமையலுக்கு ஏ5 தாள் (148 × 210 மி.மீ.) போதும். அதைவிடச் சிறிய அட்டையில் தாளிக்கும் சாமான்களே இடத்தை அடைத்துக்கொள்ளும். செய்முறை பின்பக்கத்துக்குப் போய்விடும். புளிக்கையோடு அட்டையைத் திருப்ப யாராலும் முடியாது.

நால்வருக்கான வத்தக்குழம்பு அட்டையைப் பார்க்கலாம். மேலே பெயரும், அதனடியில் ‘4 பேருக்கு, 45 நிமிடம்’ என்ற வரியும் வரும். இடப்பக்கம், அகலத்தில் மூன்றில் ஒரு பங்கில், பொருள்கள் கைக்கு வரும் வரிசையிலேயே நிற்க வேண்டும். ‘ஊறவைக்க’ என்ற தலைப்பில் புளி 30 கிராம், வெந்நீர் 2 கப். ‘தாளிக்க’ என்பதில் நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, சுண்டைக்காய் வற்றல். ‘குழம்புக்கு’ என்பதில் சாம்பார் பொடி 2 மேசைக்கரண்டி, உப்பு. இறக்கும்போது ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குத் தனி வரி வேண்டும். மொத்தமாக ‘4 மேசைக்கரண்டி’ என்று எழுதினால் முழுதும் தாளிப்பிலேயே போய்விடும்.

‘தேவையான அளவு’ என்ற சொல்தான் குடும்பக் குறிப்புகளின் பெரிய ஓட்டை. உப்பில் ஊறிக் காய்ந்த வற்றலே குழம்புக்குக் கொஞ்சம் உப்பைத் தந்துவிடும். ஆகவே ‘முதலில் அரைத் தேக்கரண்டி; கொதித்தபின் ருசி பார்த்து மீதி’ என்று எழுதுவதே சரி. பாட்டி ஆழாக்கில் சொல்லியிருந்தால், அவர் வைத்திருக்கும் அந்தப் பாத்திரத்திலேயே நீர் நிரப்பி மில்லிலிட்டரில் அளந்துகொள்ள வேண்டும்.

வலப்பக்கச் செய்முறை ஐந்தாறு எண்ணிட்ட படிகளுக்குள் நிற்பது நல்லது. ஒரு படிக்கு ஒரு வேலை, அது முடிந்ததற்கு ஓர் அடையாளம். ‘15 நிமிடம் கொதிக்கவிடவும்’ என்பதோடு நிறுத்தினால் அடுப்புக்கு அடுப்பு பக்குவம் மாறும். ‘பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை’ என்பது எந்த அடுப்புக்கும் பொருந்தும்.

அட்டையின் கீழ்ப்பகுதியில் படத்துக்கு 10 × 7 செ.மீ. இடம் விடுவார்கள். அச்சில் தெளிவாக விழ, அந்த அளவுக்கு ஏறத்தாழ 1200 × 830 படப்புள்ளிகள் தேவை. வாட்ஸப்பில் கைமாறிய படம் பல சமயம் சுருங்கி, அச்சில் கலங்கிப்போகும். எடுத்தவரின் போனிலிருந்தே மூலப் படத்தை வாங்க வேண்டும். கிண்ணத்தில் ஊற்றி அலங்கரித்த குழம்பைவிட, எண்ணெய் பிரிந்து நிற்கும் சட்டியைப் படமெடுப்பதே பயன் தரும். வத்தக்குழம்பு எப்படியிருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எப்போது இறக்குவது என்பதுதான் தெரியாது.

அச்சுக்குக் கொடுக்குமுன், அந்தக் குழம்பை வைத்தே அறியாத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்துச் சமைக்கச் சொல்வது வழக்கம். அவர் கேள்வி கேட்கும் இடத்திலெல்லாம் ஒரு வரி விடுபட்டிருக்கும்.