அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் நெஸ்ட்டும்: கல்யாண வீடியோ எடிட்டிங்

கல்யாண வீடியோவை பிரீமியர் புரோவில் தொகுக்கும்போது, ஒரே நிறத்திருத்தத்தைத் துண்டு துண்டாகத் திரும்பச் செய்யத் தேவையில்லை. மேல் டிராக்கில் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை விரித்து நிறம் திருத்தினால் அதன் கீழுள்ள அனைத்தும் மாறும். மணமக்கள் பெயர் கீழே இருந்தால் அதுவும் மாறிவிடும். எனவே எழுத்தை லேயருக்கு மேலே வைக்க வேண்டும். இரு கேமராக்களின் ஒயிட் பேலன்ஸ் வேறுபட்டால் இந்த லேயர் உதவாது. முதலில் துண்டுகளைத் தனித்தனியே சமப்படுத்துவதே முறை.

தாலி கட்டும் காட்சியின் வேகத்தைக் குறைத்தபின், ஆட்டத்தைப் போக்க Warp Stabilizer போட்டால் மென்பொருள் மறுக்கும். இரண்டும் ஒரே துண்டில் சேரா. வலது கிளிக்கில் Nest கொடுத்து, அந்த நெஸ்ட்டின்மேல் போட்டால் ஏற்கும். வெட்டும் வேலைக்கு Q, W விசைகள் போதும்: பிளேஹெட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வேண்டாத பகுதியை அவை இடைவெளியின்றி நீக்கும்.