நிறுவி மேம்படுத்தல் சோதனை

நிறுவி மேம்படுத்தல் சோதனை என்பது, கணினியில் ஏற்கெனவே உள்ள மென்பொருளின் மீது புதிய பதிப்பை நிறுவும்போது, பணி இடையில் நின்றாலும் மென்பொருள் இயங்கும் நிலையில் இருக்கிறதா, பயனர் மாற்றிவைத்த அமைப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் சோதனையாகும். விண்டோஸ் இன்ஸ்டாலர் முறையில் இவ்விரண்டையும் பெரிதும் தீர்மானிப்பது, பழைய பதிப்பை நீக்கும் `RemoveExistingProducts` என்னும் செயல் நிறுவல் வரிசையில் எங்கே அமைகிறது என்பதே.

2.4.0 பதிப்பு தன் நிறுவல் கோப்புறையில் `settings.ini` என்ற கோப்பை வைத்திருக்க, 2.5.0 பதிப்பை நிறுவுவதாகக் கொள்ளலாம். நீக்கம் `InstallValidate` செயலை அடுத்து நடந்தால், பின்னர் புதிய நிறுவல் தோல்வியுறும்போது கணினியில் இரு பதிப்புகளுமே இரா. `InstallInitialize` செயலை அடுத்து நடந்தால், தோல்வியின்போது செய்த மாற்றங்களைத் திருப்பி எடுக்கும் பின்னுருட்டல் பழைய பதிப்பையும் மீட்டுத் தரும். ஆனால் நிறுவல் வெற்றிபெற்றால், பயனரின் கோப்பு பழைய பதிப்போடு நீங்கி, அவ்விடத்தில் தொடக்க மதிப்புகள் கொண்ட புதிய கோப்பு அமர்ந்துவிடும். நீக்கம் புதிய கோப்புகள் எழுதப்பட்ட பின்னரே நடந்தால், பதிப்பெண் இல்லாத ஒரு கோப்பின் திருத்திய தேதி உருவான தேதிக்குப் பிந்தியதாயின் அதனை நிறுவி மேலெழுதுவதில்லை என்ற விதியால் பயனரின் கோப்பு தப்பும். இதற்கு அக்கோப்பைத் தாங்கும் கூறின் அடையாள எண் இரு பதிப்புகளிலும் மாறாதிருக்க வேண்டும்.

அமைப்புகள் அழிந்தாலும் மென்பொருள் தொடக்க மதிப்புகளுடன் பிழையின்றித் திறப்பதால், இவ்விழப்பு எளிதில் கண்ணில் படாது. ஆகவே சோதனைக்கு முன், இரு பதிப்புகளின் தொடக்க மதிப்பிலிருந்தும் வேறான ஒரு மதிப்பை மென்பொருளின் வழியாகவே பதிந்துவைக்க வேண்டும். ஆயத்தக் கோப்பைப் படியெடுத்து வைத்தால் அதன் திருத்திய தேதி உருவான தேதிக்கு முந்தியதாக அமையக்கூடுமாதலால், மேற்சொன்ன விதி செயல்படாமல் சோதனை பொய்த்துவிடும்.

இடைநிறுத்தத்தை இரு வகையில் சோதிக்கலாம். விக்ஸ் கருவித்தொகுப்பின் தோல்விச் செயலை நிறுவித் தொகுப்பில் சேர்த்துப் பின்வருமாறு இயக்கினால், நிறுவல் வேண்டுமென்றே தோல்வியுறும்:

```
msiexec /i app.msi WIXFAILWHENDEFERRED=1 /l*v up.log
```

பதிவுக் கோப்பில் `Return value 3` என்ற வரி தோல்வி நேர்ந்த செயலைக் காட்டும். முழு நிறுவலும் 1603 என்ற குறியீட்டுடன் முடியும். அதன்பின் 2.4.0 திறக்கிறதா, பதிந்த மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்தடை இதனினும் கடுமையானது. பின்னுருட்டல் அப்போதே நடக்க வழியில்லை. மெய்நிகர் கணினி ஒன்றைக் கோப்புகள் எழுதப்படும் வேளையில் அணைத்து, மீண்டும் தொடங்கி நிறுவியை இயக்கினால், முந்தைய நிறுவல் பாதியில் நிற்பதையும் அதன் மாற்றங்களைத் திருப்பி எடுக்க வேண்டியதையும் 1704 என்ற செய்தி அறிவிக்க வேண்டும்.

பின்னுருட்டல் நிறுவி செய்த மாற்றங்களை மட்டுமே மீட்கும். புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போது அமைப்புக் கோப்பின் வடிவத்தைத் தானே மாற்றி எழுதினால், அம்மாற்றம் நிறுவியின் கணக்கில் வராதாகையால், அதனைத் தனியே சோதிக்க வேண்டியதாகிறது.