அம்புக்குறியா, எல்லைக்கோடா? கிளினிக் மேனேஜரின் வாராந்திர டேஷ்போர்டு: ஓர் ஒப்பாய்வு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கங்களில் ஒரே மாதிரியான நடுத்தர கிளினிக்குகள் நிறைய உண்டு. இரண்டு மூன்று டாக்டர்கள், ஒரு லேப், ஒரு மருந்துக் கவுண்டர், காலையும் மாலையும் ஓபி. இவற்றின் நிர்வாகத்தைப் பார்க்கும் மேனேஜருக்கு, போன வாரம் எப்படிப் போனது என்று சொல்லும் ஒரு பக்கம் திங்கள் காலையில் கையில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

முதல் விதத்தில், இந்த வார எண்ணுக்குப் பக்கத்தில் போன வார எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்தில் வந்து, அதன் எதிரே சிவப்பு அல்லது பச்சை அம்புக்குறி நிற்கும். இரண்டாவது விதத்தில், அதே எண் பல வாரங்களுக்கான கோடாக வரையப்பட்டு, நடுவில் சராசரியும் மேலும் கீழும் இரண்டு எல்லைக்கோடுகளும் இருக்கும். தரவு ஒன்றுதான். ஆனால் அதைப் பார்த்து மேனேஜர் எடுக்கும் முடிவுகள் எதிரெதிராகப் போகலாம். மாலை ஓபியில் நோயாளி காத்திருக்கும் நேரம் என்ற ஒரே எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இரண்டுக்கும் பொதுவான அடித்தளம்

எந்த வடிவமானாலும் முதலில் வேண்டியது இரண்டு நேரங்கள்: டோக்கன் கொடுத்த நேரம், டாக்டர் அறைக்குள் நோயாளி நுழைந்த நேரம். முதலாவதை ரிசப்ஷன் குறிக்கும். இரண்டாவதை அறை வாசலில் பெயர் கூப்பிடும் நர்ஸ் குறிக்க வேண்டும். கூகுள் ஷீட்டில் மாலை ஓபிக்கு மட்டும் `OP` என்ற தாளில் A நாள், B டோக்கன் எண், C டோக்கன் நேரம், D டாக்டர், E நுழைந்த நேரம் என்று வைத்துக்கொண்டால் மீதியைச் சூத்திரங்கள் பார்த்துக்கொள்ளும். நோயாளியின் பெயர் இதில் தேவையே இல்லை.

```
F2: =IF(E2="","",(E2-C2)*1440)
G2: =A2-WEEKDAY(A2,2)+1
```

F காத்திருந்த நிமிடங்கள், G அந்த வாரத்தின் திங்கட்கிழமை. `Weekly` என்ற இன்னொரு தாளில் A நெடுக வாரத் தொடக்க நாளை எழுதி, வாரத்துக்கு ஒரு வரி எடுக்கலாம்:

```
B2: =MEDIAN(FILTER(OP!F:F,OP!G:G=A2,OP!E:E<>""))
D2: =COUNTIFS(OP!G:G,A2,OP!E:E,"")
```

B-யில் சராசரிக்குப் பதில் இடைநிலை எடுப்பதற்குக் காரணம் உண்டு. லேப் ரிப்போர்ட்டுக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்த ஒருவரே அந்த வாரத்தின் சராசரியை ஏற்றிவிடுவார். D-யில் வருவது, டோக்கன் வாங்கியும் டாக்டரைப் பார்க்காமல் திரும்பியவர்கள். இதை விட்டுவிட்டால் முதல் எண் பொய் சொல்லத் தொடங்கும். கூட்டம் அதிகமான நாளில் பொறுமையிழந்தவர்கள் எழுந்து போய்விட, மிஞ்சியவர்களின் நேரம் மட்டும் கணக்கில் வரும். காத்திருப்பு குறைந்ததாக டேஷ்போர்டு காட்டும்.

காலை ஓபியையும் மாலை ஓபியையும் கலக்கவும் கூடாது. காலையில் வருபவர்களில் பெரியவர்கள் அதிகம். மாலையில் மின்சார ரயில் இறங்கி நேரே வருபவர்கள் அதிகம். இரண்டின் விகிதம் மாறினாலே, கவுண்டரில் எதுவும் மாறாமல் எண் மட்டும் மாறும்.

அம்புக்குறிப் பலகை

12 வாரங்களுக்கு மாலை ஓபியின் இடைநிலைக் காத்திருப்பு, நிமிடத்தில், இப்படி வந்ததாகக் கொள்வோம் (விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள்): 31, 36, 29, 34, 38, 30, 33, 37, 28, 35, 32, 39.

10 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் சிவப்பு, அதே அளவு குறைந்தால் பச்சை என்பது பலர் வைக்கும் விதி. அதன்படி இந்த 11 ஒப்பீடுகளில் 7 சிவப்பு, 3 பச்சை. நிறமில்லாமல் போனது ஒரே ஒரு வாரம்.

இதைப் பார்க்கும் மேனேஜர் என்ன செய்வார்? 28 நிமிடம் 35 ஆனதும், 25 சதவீதம் ஏறிவிட்டதே என்று ரிசப்ஷனைக் கூப்பிட்டு விசாரிப்பார். அவர்களும் ஒரு காரணம் சொல்வார்கள்: புதன்கிழமை பிரிண்டர் மக்கர் செய்தது, டாக்டர் தாமதமாக வந்தார். அடுத்த வாரம் 32-க்கு இறங்கியதும், நாம் பேசியதால்தான் சரியானது என்று நினைப்பார். அதற்கடுத்த வாரம் 39. மறுபடி விசாரணை. இப்படி நாலைந்து முறை நடந்தபின், சிவப்பு வராமலிருக்க நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக எழுதும் பழக்கம் கவுண்டரில் வந்துவிடும். ரெஜிஸ்டரில் நேரங்கள் எல்லாம் 0-விலும் 5-லுமே முடிவதைப் பார்த்தால், அவை நோயாளி நுழைந்தபோது குறித்தவை அல்ல, பிறகு உட்கார்ந்து நிரப்பியவை என்று தெரிந்துகொள்ளலாம்.

அம்புக்குறியின் அடிப்படைக் கோளாறு, இரண்டே புள்ளிகளை வைத்துப் பேசுவது. எந்த வேலையிலும் வாரத்துக்கு வாரம் ஒரு சாதாரண ஏற்ற இறக்கம் இருக்கும். அது எவ்வளவு என்று தெரியாமல் 10 சதவீதம் என்று ஒரு விதி வைத்தால், அந்த விதி கிளினிக்கைப் பற்றி எதையும் சொல்லாது.

எல்லைக்கோட்டுப் பலகை

அந்தச் சாதாரண ஏற்ற இறக்கத்தை அளந்து கோடாகப் போடுவதே இரண்டாவது வடிவம். இதன் மூலக்கருத்தை 1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைத் தரத்துக்காக வரைந்தார். மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1947-48-ல் அவரை இந்தியாவுக்கே அழைத்து வந்தது. இன்று இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ், 'மேக்கிங் டேட்டா கவுண்ட்' என்ற திட்டத்தின் வழியாக, சிவப்பு-பச்சைப் பலகைகளுக்குப் பதில் இந்த வகைக் கோடுகளைப் பயன்படுத்தும்படி தன் மருத்துவமனை நிர்வாகிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

செய்முறை எளிது, `Weekly` தாளிலேயே செய்யலாம். ஒவ்வொரு வாரத்துக்கும் முந்தைய வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, கூடுதலா குறைவா என்று பார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வித்தியாசங்களின் சராசரியை 2.66 என்ற மாறாத எண்ணால் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை.

```
C3: =ABS(B3-B2)
F1: =AVERAGE(B$2:B$13)
F2: =F1+2.66*AVERAGE(C$3:C$13)
F3: =F1-2.66*AVERAGE(C$3:C$13)
```

நம் 12 வாரங்களுக்குச் சராசரி 33.5. வித்தியாசங்களின் சராசரி ஏறக்குறைய 5.6, பெருக்கினால் 15. ஆக எல்லைகள் 18.5-ம் 48.5-ம். 12 புள்ளிகளில் ஒன்றுகூட வெளியே இல்லை. அதாவது அந்த ஏழு சிவப்புகளில் ஒன்றுக்குக்கூடத் தனிக் காரணம் தேட வேண்டிய அவசியம் இல்லை. இந்த கிளினிக் இப்போதைய ஆள்பலத்தோடும் முறையோடும் ஓடினால் இப்படித்தான் ஆடும். 33 நிமிடமே அதிகம் என்று மேனேஜர் நினைத்தால், மாற்ற வேண்டியது டோக்கன் கொடுக்கும் முறையை. போன வாரத்தைப் பற்றி யாரையும் கேட்டுப் பயனில்லை.

13-வது வாரத்துக்குப் பிறகு

உண்மையான சோதனை இனிதான். அடுத்த ஏழு வாரங்கள் 36, 38, 40, 37, 41, 39, 42 என்று வருகின்றன. அம்புக்குறிப் பலகை இப்போது அமைதியாகிவிடும். 37 நிமிடம் 41 ஆன ஒரே ஒரு வாரத்தில்தான் சிவப்பு. மற்றவை எல்லாம் 10 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. நிலைமை சீராகிவிட்டது என்று மேனேஜர் நிம்மதியடைவார்.

எல்லைக்கோட்டுப் பலகை வேறு கதை சொல்கிறது. எந்தப் புள்ளியும் 48.5-ஐத் தாண்டவில்லைதான். ஆனால் 12-வது வாரத்தின் 39 முதல் 19-வது வாரத்தின் 42 வரை எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு மேலேயே நிற்கின்றன. காசைச் சுண்டினால் எட்டு முறையும் தலையே விழுவதற்குள்ள வாய்ப்பு 256-ல் ஒன்று. அதனால் தொடர்ச்சியாக எட்டு என்பதை உண்மையான மாற்றத்தின் அடையாளமாக வைத்துக்கொள்வது வழக்கம்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, '12-வது வாரத்தை ஒட்டி என்ன மாறியது?' என்பதுதான். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வேலைக்காக ரிசப்ஷனில் இருந்த இருவரில் ஒருவரை மாலையில் உள்ளே உட்கார வைத்தது அப்போதுதான் என்று வைத்துக்கொள்வோம். `OP` தாளில் 6 மணி முதல் 7 மணி வரையான டோக்கன்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் தேக்கம் என்பது தெரியும். க்ளெய்ம் வேலையை மதியத்துக்கு மாற்றலாம். மாற்றிய வாரத்தைக் கோட்டில் குறித்துவைத்து, புள்ளிகள் பழைய சராசரிக்கு இறங்குகின்றனவா என்று பார்க்கலாம்.

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: எல்லைகள் வாராவாரம் மாறக்கூடாது. சூத்திரத்தில் `$` குறி போட்டு முதல் 12 வாரங்களிலேயே எல்லைகளை நிறுத்தியிருப்பது அதற்காகத்தான். வாராவாரம் புதிய எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரியும் கூடவே மேலே ஏறி, மாற்றத்தை மறைத்துவிடும்.

எல்லைக்கோட்டின் குறைகள்

எட்டு வாரம் என்பது இரண்டு மாதம், மெதுவான எச்சரிக்கைதான். 12 வாரத் தரவு சேரும்வரை எல்லை போட முடியாது என்பதும் உண்மை. அதுவரை எண்களை வெறும் கோடாக வரைந்து வைக்கலாம்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் மின்சார ரயில்களும் நின்றன, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் சூழ்ந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் ஓபி எண்ணிக்கை படுத்துவிடும், அடுத்த வாரங்களில் காய்ச்சல் கூட்டம் வந்து குவியும். பொங்கல் வாரமும் அப்படித்தான். இந்தப் புள்ளிகளைக் கோட்டில் விட்டுவைத்து, பக்கத்தில் 'மழை', 'பொங்கல்' என்று எழுத வேண்டும். எல்லைகளைக் கணக்கிடும்போது மட்டும் அவற்றை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் எல்லை அகன்றுபோய், எதையும் பிடிக்காத கோடாகிவிடும்.

ஒருமுறைகூட நடக்கக்கூடாதவற்றுக்கு இரண்டு வடிவமும் பொருந்தாது. தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரியைத் தாண்டியது, ஆபத்தான லேப் முடிவு டாக்டருக்குச் சொல்லப்படாமல் கிடந்தது போன்றவை ஒன்று நடந்தாலே விசாரிக்க வேண்டியவை. அவற்றுக்கு ஆம்/இல்லை என்ற ஒரு வரி போதும்.

எதை வைத்துக்கொள்வது?

நான் மேனேஜருக்குச் சொல்வது இது. பக்கத்தின் மேலே மூன்று கோடுகள்: மாலைக் காத்திருப்பு, பார்க்காமல் திரும்பியவர்கள், ஓபி எண்ணிக்கை. கீழே ஆம்/இல்லை வரிகள் இரண்டு. அம்புக்குறி வேண்டாம். 12 வாரம் சேர்வதற்கு முன்பே அதை வைத்துப் பழகிவிட்டால், பிறகு எடுப்பது கடினம்.

திங்கள் காலையில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: புள்ளி எல்லைக்கு வெளியே போயிருக்கிறதா, எட்டுப் புள்ளிகள் ஒரே பக்கம் நிற்கின்றனவா? இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த வாரம் ரிசப்ஷனில் யாரையும் விளக்கம் கேட்க வேண்டாம். ஆம் என்றால், தொடங்கிய வாரத்தைக் கண்டுபிடித்து, அந்த வாரத்தில் என்ன மாறியது என்று தேட ஆரம்பிக்கலாம்.