சரளமாக வாசித்தும் பொருள் தவறுவது: நீண்ட வாக்கியமும் செயல்நினைவும்

தமிழ்ப் பத்தியைத் தடங்கலின்றி, திருத்தமான உச்சரிப்போடு வாசிக்கும் மாணவர், அதன் கீழுள்ள கிரகித்தல் வினாக்களில் சறுக்கினால் நாம் உடனே 'கவனக்குறைவு' என்கிறோம். என் கருத்தில் பல வேளைகளில் குற்றம் கவனத்தில் இல்லை. வாக்கியம் செயல்நினைவின் மீது ஏற்றும் சுமையில் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் அமைப்போம்: 'கொள்கலன் லொறி மோதிய முச்சக்கரவண்டியை ஓட்டிவந்தவரின் தம்பியை ஒருகொடவத்தைச் சந்தியில் நின்ற பொலிசார் விசாரித்தபின் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர்.' வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் யார்? 'ஓட்டிவந்தவர்' என்பது எளிதில் வரக்கூடிய பிழை விடை. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னே வரும். வினைமுற்று கடைசியில் வரும். 'மோதிய' வண்டியைச் சாரும், வண்டி ஓட்டுநரைச் சாரும், ஓட்டுநர் தம்பியைச் சாருவார். தம்பிக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியும்வரை அவரை மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும். அதற்குள் பொலிசார் குறுக்கே வந்துவிடுகிறார்கள். விபத்தும் ஓட்டுநரும் மட்டும் எஞ்சுகின்றனர். பத்தி கண்முன்னேதானே இருக்கிறது, திரும்ப வாசிக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் வாய் எங்கும் தடுமாறாததால், பொருள் நழுவியதை வாசித்தவர் உணர்வதில்லை. திக்கி வாசிப்பவராவது சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

டேன்மனும் கார்ப்பென்டரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். பல வாக்கியங்களை அடுத்தடுத்து வாசித்து, ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் நினைவுகூரச் செய்தனர். பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், வாசிப்பில் குறையற்றவர்கள். ஆயினும் அவர்கள் நினைவில் வைத்த சொற்களின் அளவு 2 முதல் 5 வரை வேறுபட்டது. அளவு குறைந்தவர்கள் பிரதிப்பெயர் யாரைச் சுட்டுகிறது என்பதில் அதிகம் தவறினர்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. அந்தச் சோதனை அளப்பது தனியான நினைவுக் கொள்ளளவை அல்ல, மொழிப் பழக்கத்தையே என மெக்டொனால்டும் கிறிஸ்டியான்சனும் 2002இல் வாதிட்டனர். தமிழுக்கு இம்மறுப்பு நன்றாகவே பொருந்துகிறது. மேற்கண்டவாறு எச்சங்களை அடுக்கி யாரும் வீட்டில் பேசுவதில்லை. தெருவில் சிங்களமும் வீட்டில் பேச்சுத்தமிழும் கேட்டு வளரும் கொழும்புப் பிள்ளைக்கு அந்த அமைப்பு பாடநூலில்தான் அறிமுகமாகிறது. பழகாத அமைப்பு செயல்நினைவில் கூடுதல் இடம் பிடிக்கும். ஆகவே இரு விளக்கங்களையும் எதிரிகளாகப் பார்க்கத் தேவையில்லை.

காரணத்தைப் பிரித்தறிய வழி உண்டு. அதே செய்தியை உடைத்துக் கொடுங்கள்: 'லொறி ஒரு முச்சக்கரவண்டியில் மோதியது. அந்த முச்சக்கரவண்டியை ஒருவர் ஓட்டிவந்தார். அவருடைய தம்பியைப் பொலிசார் விசாரித்தனர். பின் தம்பியை வீட்டுக்கு அனுப்பினர்.' இப்போது விடை சரியானால் சுமை வாக்கிய அமைப்பில் இருந்தது. இப்போதும் பிழைத்தால் சொல்வளத்தையோ பின்னணி அறிவையோ சோதிக்க வேண்டும். ஆனால் ஒரே பிள்ளைக்கு இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் முதல் வாசிப்பே இரண்டாவதற்கு உதவிவிடும். வேறு செய்தி கொண்ட இணை வாக்கியங்கள் வேண்டும்.

நினைவுப் பயிற்சி விளையாட்டுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். மெல்பி-லெர்வாக், ஹியூம் ஆகியோரின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி அப்பயிற்சியின் பலன் வாசிப்புக்குக் கடப்பதில்லை. எச்சத்தை அதன் பெயரோடும் வினையோடும் கோடிட்டு இணைக்கப் பழக்குவதே தக்க பாடம். வினாத்தாள் அமைப்போரிடம் ஒரு வேண்டுகோள்: பத்தி நீண்டிருக்கட்டும், வினாவையாவது ஒற்றை வினைமுற்றோடு முடியுங்கள்.